இணை எழுத்தாளரிடம் கொடுக்கும் பாத்திரக் குறிப்பு: இலக்கு, பயம், பழக்கம் எழுதும் முறை

இரண்டு பேர் சேர்ந்து ஒரு தொடர் எழுதும்போது வரும் சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே வசனத்தில்தான் தொடங்கும்: "இவள் இப்படிச் செய்யமாட்டாளே." காட்சியை எழுதியவர் திருப்பிக் கேட்பார், "அப்படி எங்கே எழுதியிருக்கு?" எங்கும் எழுதியிருக்காது. பாத்திரத்தை உருவாக்கியவருக்கு அவளை நாலு வருடமாகத் தெரியும். மற்றவர் கையில் இருப்பது "தைரியமானவள், பாசமானவள், கொஞ்சம் பிடிவாதக்காரி" என்ற ஒரு வரி. அந்த வரியை வைத்து ஒருவர் எழுதும் காட்சி எந்தத் தொடருக்கும் பொருந்தும். அதனால்தான் உங்கள் தொடருக்குப் பொருந்தாமல் போகிறது.

கொழும்பில் இருவராகச் சேர்ந்து யூடியூப் தொடரோ வானொலி நாடகமோ தொடர்கதையோ எழுதத் தொடங்குபவர்களுக்காக இந்த வழிகாட்டி. முழுக்க ஒரே உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். எட்டு அத்தியாயத் தொடர். நடப்பது வெள்ளவத்தையில், 2022 மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. மையப் பாத்திரம் செல்வராணி, 51 வயது, வாடகை வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவள். எழுதும் இருவரில் ஒருவர் யாழ்ப்பாணப் பக்கம். மற்றவர் கொட்டாஞ்சேனையில் வளர்ந்த, மலையகத்து வேர் உள்ளவர். ஒருவர் ஒற்றைப்படை அத்தியாயங்களையும் மற்றவர் இரட்டைப்படையையும் எழுதுகிறார்கள்.

1. எத்தனை தாள், எவ்வளவு நேரம்

முக்கிய பாத்திரத்துக்கு ஏ4 தாளில் இரண்டு பக்கம், அவ்வளவுதான். எழுதும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டிய தாள் இது. பத்துப் பக்கம் கொடுத்தால் இணை எழுத்தாளர் முதல் நாள் ஆர்வமாக வாசிப்பார், பிறகு திறக்கவே மாட்டார். துணைப் பாத்திரங்களுக்கு அரைப் பக்கம் போதும்.

பாத்திரத் தாள்களோடு எல்லோருக்கும் பொதுவாக இன்னும் இரண்டு தாள் வேண்டும். ஒன்று கால வரிசை. மற்றது, யாருக்கு என்ன விஷயம் எந்த அத்தியாயத்தில் தெரியவருகிறது என்ற பட்டியல். இந்த இரண்டாவது தாளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு மூன்றாம் அத்தியாயத்தில் மகள் தனக்குத் தெரியவே வராத கடனைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு முக்கிய பாத்திரத்துக்கு எழுத இரண்டு மணித்தியாலம். ஒரு நாள் விட்டுவிட்டு, வெட்ட ஒரு மணித்தியாலம். பரீட்சைக் காட்சிக்கு (8 ஆவது படி) ஒரு மாலை. ஒரு முக்கிய பாத்திரம், மூன்று துணைப் பாத்திரங்கள் என்றால் முதல் அத்தியாயம் எழுதத் தொடங்கும் திகதிக்கு ஒரு வாரம் முன்பே உட்காருங்கள். வேலைக்குப் போய் வந்து இரவில் எழுதுபவர்களென்றால் இரண்டு வாரம்.

இணையத்தில் கிடைக்கும் நூறு கேள்விப் படிவங்களைத் தொடவேண்டாம். பிடித்த நிறம், ராசி, பிடித்த பாட்டு எல்லாவற்றையும் நிரப்பி முடித்த பிறகும், வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டினால் அவள் என்ன செய்வாள் என்று தெரிந்திருக்காது. ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த வரி இல்லாவிட்டால் ஏதாவது ஒரு காட்சியில் அவள் வேறு மாதிரி நடப்பாளா? நடக்கமாட்டாள் என்றால் வெட்டுங்கள்.

2. இலக்கு: தொகை, திகதி, தரமாட்டாத ஒன்று

"சொந்தக் காலில் நிற்க ஆசைப்படுகிறாள்" என்று எழுதினால் இணை எழுத்தாளரால் அதை வைத்து ஒரு காட்சிகூடத் தொடங்க முடியாது. இலக்கு என்பது கிடைத்ததா இல்லையா என்று கமெராவில் காட்டக்கூடியதாக இருக்கவேண்டும். செல்வராணியின் தாளில் இப்படி இருக்கிறது:

"வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போகிறார். வாடகை ஒப்பந்தம் 2022 ஆகஸ்ட் 31 உடன் முடிகிறது. அதற்குள் காலி வீதியை ஒட்டிய ஒழுங்கையில் ஒரு சின்னக் கடை எடுக்கவேண்டும். முற்பணம் 450,000 ரூபா. கையில் 190,000. ஜூலையில் விழும் சீட்டு 200,000. குறைவது 60,000."

இந்தக் கணக்கு ஏன் தேவை என்றால், அதுவே காட்சிகளைத் தருகிறது. சீட்டுப் பிடிக்கும் அக்கா ஜூனில் ஒரு வாரம் போன் எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று யாரும் இணை எழுத்தாளருக்குச் சொல்லத் தேவையில்லை. 200,000 எவ்வளவு பெரிய ஓட்டை என்று அவரே பார்த்துக்கொள்வார். தொகை போடாமல் "பணக் கஷ்டம்" என்று எழுதினால், ஒரு அத்தியாயத்தில் அவள் இருபதாயிரத்துக்கு அழுவாள், அடுத்ததில் மகளுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுப்பாள்.

அடுத்த வரி, அந்த இலக்குக்குள் இருக்கும் இலக்கு. செல்வராணிக்கு வேண்டியது கடை மட்டும் இல்லை. ஒப்பந்தமும் மின்சார பில்லும் தன் பெயரில் இருக்கவேண்டும். இதுவரை அவள் இருந்த எல்லா இடமும் வேறு யாரோ பெயரில். இந்த ஒரு வரி தாளில் இருந்தால், நான்காம் அத்தியாயத்தில் யாராவது, "அக்கா, எழுத்து ஒண்டும் வேண்டாம், பாதி முற்பணத்துக்கு என்ர கடையை எடுங்கோ" என்று சொல்லும்போது, அவள் மறுக்கவேண்டும் என்று இணை எழுத்தாளருக்கு விளங்கும். வரி இல்லாவிட்டால் அவள் சந்தோஷமாக எடுத்துக்கொள்வாள், கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது வரி, இலக்குக்காக எதைச் செய்யமாட்டாள் என்பது. ஸ்காபரோவில் இருக்கும் அண்ணனிடம் காசு கேட்கமாட்டாள். காரணம் ஒரே வாக்கியத்தில்: 2007 இல் அவள் கொழும்பு லொட்ஜில் இருந்தபோது அதற்குக் காசு அனுப்பிய அண்ணன் இன்னும் எல்லாத் தொலைபேசிக் கதையிலும் அதை ஞாபகப்படுத்துகிறார். "தன்மானம்" என்று எழுதிவிட்டுப் போகவேண்டாம். யாரிடம், எதற்காக என்று எழுதுங்கள். பொதுவான தன்மானம் என்றால் பக்கத்து வீட்டாரிடம் சீனி வாங்கவும் அவள் தயங்குவாள். செல்வராணி தாராளமாக வாங்குவாள்.

3. பயம்: எது தூண்டும், கை என்ன செய்யும், வாய் என்ன சொல்லும்

இணை எழுத்தாளர்கள் அதிகம் கோட்டைவிடுவது இந்தப் பகுதியில்தான். பிழை பெரும்பாலும் தாளை எழுதியவருடையது. "தனிமைக்குப் பயம்", "கடந்த காலத்துக்குப் பயம்" என்று எழுதிக் கொடுத்தால் பாத்திரம் அதை வாயால் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. நாலு வரியாகப் பிரியுங்கள்.

தூண்டுவது: இருட்டிய பிறகு, பெயர் சொல்லாமல் கதவைத் தட்டுவது. பகலில் தட்டினால் ஒன்றும் இல்லை, அது வாடிக்கையாளர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரவிலும் ஒன்றும் இல்லை.

கை செய்வது: வெளிச்சத்தை நூர்ப்பாள். நீல நிறப் பிளாஸ்டிக் பைலைத் தேடுவாள். அதில் அடையாள அட்டைப் பிரதி, அவளுடையதும் மகளுடையதுமான பிறப்புச் சான்றிதழ்கள், வாடகை ஒப்பந்தம், கடைசி மின்சார பில். பைல் கையில் வரும்வரை கதவைத் திறக்கமாட்டாள்.

வாய் சொல்வது: சின்னச் சின்னக் கட்டளைகள். விளக்கம் இல்லை.

ஒருபோதும் சொல்லாதது: "பயம்" என்ற சொல். 2007 என்ற ஆண்டு.

வேர் என்ன என்பதற்கு இரண்டு வாக்கியம் போதும். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் சில நூறு பேர் பஸ்களில் ஏற்றி வெளியே அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. வெள்ளவத்தை லொட்ஜில் இருந்த செல்வராணி பேப்பர்களை உடனே எடுத்துக் காட்டியதால் தப்பினாள். பக்கத்து அறைப் பெண் தேடிக்கொண்டிருக்கும்போதே கூட்டிப்போனார்கள். லொட்ஜ் சம்பவம் நடந்தது, பக்கத்து அறைப் பெண் உங்கள் கற்பனை. எது எது என்று தாளிலேயே குறியுங்கள். இணை எழுத்தாளர் கற்பனைப் பகுதியை மாற்றலாம், நடந்ததை மாற்றக்கூடாது.

கவனியுங்கள், அவளுடைய பயம் பொலிஸ் இல்லை. பேப்பர் கைக்கு எட்டாமல் இருப்பதுதான். இந்த வேறுபாட்டைத் தாளில் எழுதாவிட்டால், இணை எழுத்தாளர் அவளைச் சீருடையைக் கண்டவுடன் நடுங்குபவளாக எழுதுவார். பேப்பர் கையில் இருக்கும் செல்வராணி பொலிஸ்காரரோடு உடைந்த சிங்களத்தில் நின்று வாதாடக்கூடியவள். இன்னொன்றும் பாருங்கள்: ஒப்பந்தம் தன் பெயரில் வேண்டும் என்ற இலக்கும் இந்தப் பயமும் ஒரே இடத்தில் பிறந்தவை. இலக்கும் பயமும் ஒன்றையொன்று தொடாத தாள்கள் எழுதும்போது தடுமாறும்; அப்படி இருந்தால் ஒன்றை மாற்றுங்கள்.

4. பழக்கம்: எதற்காக, எங்கே, எத்தனை தடவை

நல்ல பழக்கம் ஒன்றைக் கொடுத்தால் இணை எழுத்தாளருக்கு அது பிடித்துப்போகும். பிடித்துப்போனால் எல்லாக் காட்சியிலும் வரும். மூன்றாம் அத்தியாயத்தில் பார்ப்பவர்களுக்கு எரிச்சல் வரும். கறிக்கு உப்புப் போல அளவு சொல்லிக் கொடுக்கவேண்டிய விஷயம் இது.

செல்வராணியின் பழக்கம்: பதில் சொல்ல விரும்பாதபோது குண்டூசிகளை வாயில் வைத்துக்கொள்வாள். தையல்காரிக்கு அது இயல்பு, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. தாளில் இதோடு சேர்த்து எழுதவேண்டியவை:

எதற்காக: கேள்வியைத் தவிர்க்க. கோபத்துக்கோ யோசனைக்கோ இல்லை.

எங்கே: கடையில் மட்டும். குசினியில், பஸ்ஸில், கோயிலில் இல்லை.

எத்தனை: இரண்டு அத்தியாயத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

யார் கவனிப்பது: மகள் நிலானி மட்டும், அதுவும் ஐந்தாம் அத்தியாயத்துக்குப் பிறகு.

உடையும் இடம்: ஆறாம் அத்தியாயம். நிலானி கடன் பற்றிக் கேட்கிறாள். செல்வராணி ஊசியை வாயில் வைக்கிறாள், பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஊசிப் பெட்டியில் குத்திவிட்டுப் பதில் சொல்கிறாள்.

உடையும் இடத்தை முன்கூட்டியே எழுதுவது அவசியம். இல்லாவிட்டால் இணை எழுத்தாளர் அதை இரண்டாம் அத்தியாயத்தில் செலவழித்துவிடுவார், ஆறாம் அத்தியாயத்தில் ஒன்றும் மிஞ்சாது. மேலே சொன்ன எல்லைகளில் ஒன்றே ஒன்றுதான் எழுத இடம் உண்டு என்றால், "எதற்காக" என்பதை எழுதுங்கள். ஒரு பழக்கம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தவர், அதை எங்கே போடக்கூடாது என்பதையும் பெரும்பாலும் தானே கண்டுபிடிப்பார்.

ஒரு பாத்திரத்துக்கு இரண்டு பழக்கம் போதும். இரண்டாவது பைல், அது பயத்தோடு வந்துவிட்டது. வேலை சார்ந்த விபரங்களைப் பழக்கத்தோடு கலக்கவேண்டாம், தனி வரியில் எழுதுங்கள். உதாரணமாக, செல்வராணியிடம் ஒரு கால் மெஷினும் ஒரு கரண்ட் ஓவர்லொக் மெஷினும் இருக்கின்றன. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் இல்லாத நேரத்தில் அவளால் தைக்கமுடியும், ஓரம் அடிக்கமுடியாது. முடிந்தும் முடியாத சட்டைகள் கடையில் குவியும். இது தெரியாத இணை எழுத்தாளர் மின்வெட்டுக் காட்சியில் அவளைச் சும்மா உட்கார வைப்பார்.

5. பேச்சு: யாரை எப்படிக் கூப்பிடுவாள்

கொழும்பில் எழுதுபவர்கள் இந்தப் பகுதிக்கு அரைப் பக்கம் ஒதுக்கவேண்டும். ஒரே ஒழுங்கையில் யாழ்ப்பாணத் தமிழ், மலையகத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ், சிங்களம் எல்லாம் ஓடும் ஊர் இது. "இயல்பான பேச்சு வழக்கு" என்று எழுதிக் கொடுத்தால் இணை எழுத்தாளர் தன் வீட்டுப் பேச்சையே எழுதுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பட்டியல் போடுங்கள். நிலானியை: "பிள்ளை", கோபம் வந்தால் முழுப் பெயர். உதவிக்கு வரும் பரமேஸ்வரியை: "பரமு", நீ. பரமேஸ்வரி அவளை: "அக்கா", பேச்சில் "சரிங்கக்கா", "இந்தா வாறேங்க". புறக்கோட்டையில் துணி எடுக்கும் கடைக்காரரை: "நானா", நீங்கள். வீட்டுக்காரரை: "மாத்தயா". இளம் வாடிக்கையாளர்களை: "தங்கச்சி", நீர்.

அந்தக் கடைசி "நீர்" இல்தான் பொறி இருக்கிறது. யாழ்ப்பாணப் பேச்சில் நீக்கும் நீங்களுக்கும் நடுவில் அது ஒரு படி. நெருக்கமும் கொஞ்சம் மரியாதையும் சேர்ந்தது. மலையகத்துப் பேச்சில் வளர்ந்தவருக்கு அது மேடைத் தமிழ் மாதிரிக் கேட்கும், அதனால் தன்னையறியாமல் "நீங்க" என்று மாற்றிவிடுவார். செல்வராணிக்கோ "நீர்" இலிருந்து "நீங்கள்" க்கு ஏறுவதுதான் கோபம். "காசை நாளைக்குத் தாறீரே?" என்று கேட்டவள் "நீங்கள் காசைத் தந்திட்டே சட்டையை எடுங்கோ" என்று சொன்னால் கதை முற்றிவிட்டது என்று பொருள். தாளில் இதை எழுதி, இரண்டு வசனத்தையும் உதாரணமாகப் போடுங்கள்.

உதாரண வசனங்கள் மொத்தம் பத்து வேண்டும்: அவள் சொல்லக்கூடியவை ஐந்து, சொல்லவே மாட்டாதவை ஐந்து. சொல்லமாட்டாதவைதான் கூடப் பயன்படும். "நான் உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்பட்டேன்" என்பது செல்வராணியின் தடைப் பட்டியலில் முதலாவது. தாய் பாத்திரம் என்றாலே கை தானாக எழுதும் வசனம் அது.

6. திகதிகளை இணை எழுத்தாளரிடம் ஊகிக்க விடவேண்டாம்

கால வரிசை சுருக்கமாக இருக்கட்டும், ஆனால் நாட்டில் நடந்தவற்றோடு ஒத்துப் பாருங்கள். செல்வராணி 1971 மார்ச் 14 இல் பிறந்தாள். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தாள். 2001 இல் நிலானி. 2003 இல் கணவர் மாரடைப்பில் இறந்தார். 2006 ஜூலையில் பஸ்ஸில் கொழும்புக்கு வந்தாள்.

கடைசி வரியில் மாதம் ஏன்? 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. "2006 இல் வந்தாள்" என்று மட்டும் எழுதினால், இணை எழுத்தாளர் நத்தாருக்கு முன் முகமாலை தாண்டி பஸ்ஸில் வரும் பழைய நினைவுக் காட்சி ஒன்றை அழகாக எழுதித் தருவார். முழுக் காட்சியும் வீண்.

அடையாள அட்டை திரையில் தெரியும் காட்சி உண்டென்றால் இலக்கத்தையும் தாளில் எழுதுங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கம், பிறகு ஒரு ஆங்கில எழுத்து. முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டவேண்டும். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக எண்ணுவார்கள். மார்ச் 14 என்றால் 31, 29, 14 சேர்ந்து 74. 500 கூட்டினால் 574. ஆகவே அவளுடைய இலக்கம் 71574 இல் தொடங்கும். 71074 என்று போட்டால் அட்டை ஒரு ஆணுடையது, கவனிப்பவர்கள் கவனிப்பார்கள். மீதி இலக்கங்களைக் கை மறைக்கும்படி வையுங்கள். கற்பனையாக நிரப்பினால் அது உண்மையில் யாருடையதாவது இலக்கமாக இருந்துவிடலாம்.

7. எது பூட்டியது, எது திறந்தது

தாளின் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் மூன்றில் ஒரு குறி போடுங்கள். "பூ" என்றால் பூட்டியது, மாற்றக்கூடாது. "கே" என்றால் கேட்டுவிட்டு மாற்றலாம். "தி" என்றால் திறந்தது, எழுதுபவர் விருப்பம். பிறந்த திகதி, பயத்தைத் தூண்டுவது, அண்ணனிடம் கேட்கமாட்டாள் என்பது எல்லாம் பூட்டியவை. சீட்டுத் தொகை கே. லொட்ஜில் பக்கத்து அறைப் பெண்ணின் பெயர், வயது, பிறகு என்ன ஆனாள் என்பது தி.

எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் இணை எழுத்தாளர் வெறும் தட்டச்சுக்காரராகிவிடுவார், இரண்டு அத்தியாயத்தில் சலித்துப்போவார். மூன்றில் ஒரு பங்காவது திறந்திருக்கட்டும். அவர் திறந்த இடத்தில் ஒன்றை எழுதி அது அத்தியாயத்தில் வந்துவிட்டால், அன்றிரவே தாளில் ஏற்றி "பூ" என்று மாற்றுங்கள். வாட்ஸ்அப் குரல் பதிவில் ஒத்துக்கொண்ட விஷயம் தாளில் ஏறாவிட்டால் அது நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு அந்தப் பதிவை யாரும் தேடிக் கேட்கப்போவதில்லை. தாளின் மேல் மூலையில் திகதி போடுங்கள். திருத்தும் கை ஒன்றுதான் இருக்கவேண்டும். மற்றவர் குறிப்பு அனுப்பலாம்.

8. பரீட்சைக் காட்சி

அத்தியாயம் எழுதத் தொடங்கும் முன், கதையில் இல்லாத ஒரு காட்சியை இணை எழுத்தாளரிடம் கொடுங்கள். முந்நூறு சொல். எழுதும்போது உங்களிடம் எதுவும் கேட்கக்கூடாது. கேட்க நினைப்பதை ஓரத்தில் எழுதவேண்டும். காட்சி: இரவு 8.40, மின்வெட்டு, யாரோ கதவைத் தட்டுகிறார்கள், உள்ளே நிலானி மட்டும் கூட இருக்கிறாள்.

"தைரியமானவள், கடந்த காலத்துக்குப் பயம்" என்ற பழைய தாளை வைத்து எழுதினால் இப்படி வரும்:

"ஆர் இந்த நேரம்?"
"(நடுங்கியபடி) எனக்குப் பயமா இருக்கு பிள்ளை. 2007 மாதிரித் திரும்ப நடக்குமோ தெரியேல்லை."

மேலே சொன்ன தாளை வைத்து எழுதினால் இப்படி வரும்:

"டோர்ச்சை நூர்."
"அம்மா, ஆரோ சட்டை எடுக்க வந்திருக்கினம்."
"நூர் எண்டால் நூர். பைல் எங்க?"
"நீங்கள்தானே வைச்சனீங்கள்."
"அங்க பார். மாப் பேணிக்குப் பின்னால."

பார்ப்பவருக்கு 2007 பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் ஏதோ இருக்கிறது என்று விளங்கும். மகளுக்கும் முழுக் கதை தெரியாது என்பதும் இதிலேயே தெரிகிறது.

திருத்தும்போது இரண்டு விஷயம் பாருங்கள். முதலாவது, பேசுபவர் பெயர்களைக் கையால் மறைத்துவிட்டு வாசியுங்கள். செல்வராணியின் வசனம் எது என்று தெரியவில்லை என்றால் 5 ஆவது பகுதி போதாது. இரண்டாவது, ஓரத்தில் எழுதிய கேள்விகள். அவை ஒவ்வொன்றும் தாளில் உள்ள ஓட்டை. "பைலை எங்கே வைப்பாள்?" என்று கேட்டிருந்தால் அது பழக்கப் பகுதியில் விடுபட்ட வரி. ஐந்து கேள்விக்குக் கீழே என்றால் அந்த வரிகளைச் சேர்த்துவிட்டுத் தொடங்கலாம். அதற்கு மேலே போனால் தாளைத் திருத்தி வேறொரு காட்சியோடு திரும்பப் பரீட்சை வையுங்கள். எந்தக் கேள்வியும் வராமல், காட்சியும் பிழையாக இருந்தால், அவர் தாளை வாசிக்கவில்லை. அது வேறு கதை. நேரில் ஒரு தேத்தண்ணியோடு பேசித் தீர்க்கவேண்டியது.

திருத்தம் சொல்லும்போது "இவள் இப்படிச் செய்யமாட்டாள்" என்று சொல்லாமல், தாளின் எந்த வரி என்று காட்டுங்கள். காட்ட வரி இல்லாவிட்டால் அந்தத் தடவை இணை எழுத்தாளர் எழுதியபடியே விடுங்கள், அல்லது வரியைச் சேர்த்துவிட்டு அடுத்த அத்தியாயத்திலிருந்து கேளுங்கள்.

9. செலவும் ஒப்பந்தமும்

தாளுக்கென்று காசுச் செலவு பெரிதாக இல்லை, அச்சும் பிரதியும்தான். உண்மையான செலவு பேச்சு வழக்கைச் சரிபார்க்க ஒருவரைப் பிடிப்பது. பரமேஸ்வரியின் வசனங்களை மலையகத்துப் பேச்சுத் தெரிந்தவரும், நானாவின் வசனங்களை ஒரு முஸ்லிம் நண்பரும் பார்க்கவேண்டும். அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று தொடங்கும் முன்பே பேசி, பெயர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் வருமா என்பதையும் முடிவு செய்யுங்கள். எட்டு அத்தியாயத்தையும் ஒன்றாகக் கொடுத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டு இரண்டாகக் கொடுங்கள்.

உரிமை பற்றி: இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் எழுத்துப் படைப்பைப் பதிவு செய்யத் தேவையில்லை, எழுதியவுடனேயே பாதுகாப்பு உண்டு. அதனால் யார் எதை எப்போது எழுதினார் என்பதற்கான சான்று உங்கள் கையில்தான் இருக்கவேண்டும். திகதி போட்ட பழைய தாள்களை அழிக்காமல் வைத்திருங்கள். முதல் தாளைக் கொடுக்கும் அன்றே ஒரு பக்க ஒப்பந்தமும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: வரும் பணம் எப்படிப் பிரிகிறது, பெயர்கள் எந்த வரிசையில் வருகின்றன, ஒருவர் விலகினால் செல்வராணியை வைத்து மற்றவர் தொடரலாமா. மூன்றாவதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாவது தொடருக்கு யாராவது காசோடு வரும் நாளில் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.